சோப்பு போடாமல் பாராட்டுவது

"எங்கள் மேடம் மிகச் சிறந்த தலைவர். அன்பானவர். பொறுமையும் கடின உழைப்பும் மிக்கவர். எப்போதும் டீமுக்கு உறுதுணையாக இருப்பவர். அவரிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன்."

எங்கள் அலுவலகத்தில் மேனேஜரைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஃபீட்பேக் ஃபார்மில், பக்கத்து இருக்கைத் தம்பி போன வருடம் அடித்து வைத்திருந்த முதல் வரைவு இது. அனுப்புவதற்கு முன்னால் "எப்படி இருக்குக்கா?" என்று என்னிடம் திருப்பிக் காட்டினான். தமிழில் பிழை இல்லை, சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் பேரை மாற்றினால் பாளையங்கோட்டையில் ஓய்வு பெறுகிற எந்தத் தலைமையாசிரியரின் பிரிவுபசார விழாவிலும் இதை அப்படியே வாசித்துவிடலாம். பொன்னாடை எந்தத் தோளுக்கும் பொருந்தும். அதுதான் அதன் வசதி.

இந்த ஃபார்மை யார் படிப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. நாங்கள் திருநெல்வேலியில் இருந்துகொண்டு கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேருக்கு சப்போர்ட் செய்கிற சின்ன டீம். தென்காசி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று சுற்றுவட்டாரத்து மளிகைக் கடை, ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சிமார்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். நாங்கள் எழுதுவது முதலில் எச்ஆருக்குப் போகும். பேரை எடுத்துவிட்டு எல்லாருடையதையும் ஒன்றாகச் சேர்த்து மேடத்துக்குக் காட்டுவார்கள். அதே கட்டு சென்னையில் இருக்கிற மேடத்தின் மேலதிகாரிக்கும் போகும். அடுத்த வருடம் இவருக்கு இன்னொரு டீமையும் கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர் அவர். திருநெல்வேலிக்கு அவர் வருவது அபூர்வம். "பொறுமை மிக்கவர்" என்று ஐந்தாறு பேர் எழுதியதைப் படித்து அவர் என்ன முடிவு எடுப்பார்? எல்லா டீமும் எல்லா மேனேஜருக்கும் அதைத்தான் எழுதியிருக்கும்.

அதனால் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பொறுமைசாலின்னு எழுதியிருக்கியே, எப்பல பார்த்த?"

கொஞ்சம் யோசித்தான். "அன்னைக்கு தென்காசி அண்ணாச்சி அந்தக் கத்து கத்துனாவல்லா, அப்பதாங்க்கா."

எனக்கும் அந்த நாள் நினைவிருந்தது. என்ன நடந்தது என்று புரிய, கொஞ்சம் ஜிஎஸ்டி பேசியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றுவதாக அறிவித்தது. 22ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அமல். சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5. நெய், வெண்ணெய், பாக்கெட்டில் வரும் மிக்சர் வகையறா 12-இலிருந்து 5. மளிகைக் கடையில் பாதி அலமாரி மாறுகிறது. ஆனால் விகிதங்களை முறைப்படி சொல்லும் அரசு அறிவிக்கை வந்தது 17ஆம் தேதி. இடையில் இருந்தது நான்கே நாள். அதில் 21ஆம் தேதி ஞாயிறு, மகாளய அமாவாசை. எங்கள் ஊரில் அன்று பாபநாசத்திலிருந்து குறுக்குத்துறை வரை தாமிரபரணிப் படித்துறைகளில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நிற்கும். டீமில் பாதிப் பேர் காலையில் ஆற்றங்கரையில் இருக்க வேண்டியவர்கள்.

எங்கள் விற்பனைப் பிரிவுக்கு ஒரு யோசனை. ஞாயிறு நள்ளிரவில் எல்லாக் கடைகளுக்கும் நாமே தானாக விகிதத்தை மாற்றிவிட்டால் என்ன? காலையில் கடை திறக்கும்போது அண்ணாச்சி ஒரு பொத்தானும் அமுக்க வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எச்எஸ்என் எண், அதாவது ஜிஎஸ்டியில் பொருள்களை வகை பிரிக்கிற எண். வருடத்துக்கு ஐந்து கோடிக்குள் வியாபாரம் செய்கிற கடைக்கு இந்த எண்ணில் நான்கு இலக்கம் போதும். எங்கள் கடைகளில் அநேகமும் அப்படித்தான் பதிந்திருக்கின்றன. சோப்புக்கு 3401. ஆனால் அதே 3401-க்குள்தான் கை கழுவுகிற திரவ சோப்பும் வருகிறது. குளியல் சோப்புக் கட்டிக்கு 5 சதவீதம் ஆனது. திரவ சோப்பு 18-லேயே நின்றது. நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்து நாங்கள் தானாக மாற்றினால் ஹேண்ட்வாஷும் சேர்ந்து 5-க்குப் போய்விடும். கடைக்காரர் குறைவாக வரி வசூலிப்பார். பிற்பாடு ஆடிட்டர் கண்டுபிடிக்கும்போது மீதியை அவர் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இதற்கு மேடம் சொன்ன மாற்று இதுதான். ஒவ்வொரு கடைக்கும் அதன் சரக்குப் பட்டியலிலிருந்தே மாறக்கூடிய பொருள்களைத் தனியாக எடுத்து, பழைய விகிதம், புதிய விகிதம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்புவது. கடைக்காரர் பார்த்து ஆமோதித்த வரிகள் மட்டும் 22ஆம் தேதியிட்டு மாறும். பழைய விகிதமும் அழியாமல் இருக்கும், ஏனென்றால் 22-க்கு முன்னால் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும்.

கடைக்காரர்களுக்கு இது கூடுதல் வேலை. தென்காசி அண்ணாச்சி 19ஆம் தேதி சாயங்காலம் போனில் கத்தியது அதனால்தான். "வேற கம்பெனிக்காரன் தானா மாத்தித் தாறேங்கான், ஒங்களுக்கு என்ன கேடு?" தம்பி திணறிக்கொண்டிருந்தான். மேடம் போனை வாங்கினார். சமாதானமும் சொல்லவில்லை, வாதமும் செய்யவில்லை. "அண்ணாச்சி, நாங்க அனுப்புன பட்டியல்ல 3401-னு இருக்கிற வரியை மட்டும் வாசிங்க" என்றார். அண்ணாச்சி வேண்டா வெறுப்பாக வாசித்தார். ஏழெட்டு சோப்பு தாண்டி ஒரு ஹேண்ட்வாஷ் வந்தது. அதற்குப் பக்கத்தில் புதிய விகிதம் 18 என்றே இருந்தது. அங்கே நிறுத்தினார். "இது மட்டும் ஏன் மாறல?" என்று அவரே கேட்டார். அதற்கப்புறம்தான் மேடம் விளக்கினார்.

அடுத்து ஒன்று செய்தார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த கோபக்கார அழைப்பைத் தம்பியையே எடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அவனும் வரியை வாசிக்கச் சொன்னான். அன்று ராத்திரிக்குள் அவன் தனியாகவே அழைப்புகளை முடித்துக்கொண்டிருந்தான்.

"பொறுமைசாலி" என்று அவன் எழுதிய ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் கிடந்தது. விரித்துப் பார்த்தால் அது பொறுமை கூட இல்லை. கோபமாக இருப்பவரிடம் விளக்கத்தைத் திணிக்காமல் அவரையே ஆதாரத்தைப் பார்க்க வைப்பது ஒரு திறமை. அதைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கடத்திவிடுவது இன்னொரு திறமை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நல்ல அடைமொழி நம்மிடம் இல்லை. இருந்தாலும் அது சென்னையில் இருப்பவருக்கு எதையும் காட்டாது.

அமெரிக்காவில் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் ஃபீட்பேக் சொல்ல ஒரு எளிய வரிசை வைத்திருக்கிறது: சூழல், செயல், விளைவு. எப்போது எங்கே நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. எச்ஆர் பயிற்சிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நல்ல வரிசைதான். ஆனால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது இதில் ஒன்று விட்டுப்போகிறது என்பது என் கணக்கு. அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? மேலதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது அவர் எடுத்த முடிவை. எதிரே இன்னொரு வழி திறந்து கிடந்தால்தான் அது முடிவு. தானாக மாற்றிவிடும் வழி சுலபமானது, விற்பனைப் பிரிவுக்கும் பிடித்தமானது. அதை விட்டு இதை எடுத்தார், காரணம் இது என்று ஒரு வரி சேர்த்தால் படிப்பவருக்கு அவருடைய தீர்மானம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆதாரத்தைத் தேடினோம். நினைவை மட்டும் நம்பி எழுதினால் தேதி மாறும், ஆள் மாறும், கதை வளரும். தேடவும் அதிக நேரம் ஆகவில்லை. மேடம் 18ஆம் தேதி விற்பனைப் பிரிவுக்கு எழுதிய மின்னஞ்சலில் எங்களுக்கும் நகல் வைத்திருந்தார். 3401 எடுத்துக்காட்டு அதிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. 22ஆம் தேதிக்குப் பின் வந்த புகார்கள் டிக்கெட் பதிவேட்டில் இருந்தன. அந்த வாரத்தில் "விகிதம் தப்பாக மாறிவிட்டது" என்ற வகையில் வந்த புகார் மூன்று. மற்றதெல்லாம் "எப்படி மாற்றுவது", "பிரிண்டர் வரவில்லை" ரகம்.

தம்பி உடனே "மேடத்தின் முடிவால் புகார்கள் மூன்றாகக் குறைந்தன" என்று அடித்தான். நிறுத்தச் சொன்னேன். எதிலிருந்து குறைந்தது? தானாக மாற்றியிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர்களுக்கு அவர்களுடைய ஆடிட்டர்களும் ஏஜென்சிக்காரர்களும் போன் போட்டு விகிதங்களைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மூன்று டிக்கெட்டையும் திறந்து பார்த்தோம். மூன்றுமே பட்டியலைப் பார்க்காமல் மொத்தமாக "ஓகே" கொடுத்த கடைகள். இது எழுதலாம். பட்டியலைப் பார்த்த கடைகளிலிருந்து அப்படி ஒரு புகாரும் வரவில்லை என்பதும் அதோடு வந்துவிடுகிறது. நமக்குத் தெரிந்த அளவோடு நிற்கிற வரியை யாராவது பதிவேட்டைத் திறந்து சரிபார்த்தாலும் அது அசையாது. பாராட்டில் ஒரு எண் பொய்த்துவிட்டால் மிச்சம் எழுதிய எல்லாவற்றையும் அவர்கள் ஐஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் மேலதிகாரியைப் பாராட்டினாலே சோப்பு போடுகிறான் என்பார்கள். இங்கே விஷயமே சோப்பாக இருந்தது வேறு கதை.

கடைசியில் அவன் அனுப்பியது இது:

"2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தின்போது எல்லாக் கடைகளுக்கும் விகிதத்தைத் தானாக மாற்றும் யோசனை வந்தது. எச்எஸ்என் எண்ணின் நான்கு இலக்கத்தை மட்டும் வைத்து மாற்றினால் 3401-இல் திரவ சோப்பும் தவறாக 5 சதவீதத்துக்குப் போகும் என்று 18ஆம் தேதி மின்னஞ்சலில் மேடம் எடுத்துக்காட்டினார். கடைக்காரர் பார்த்து ஒப்புக்கொள்ளும் பட்டியல் முறையைக் கொண்டுவந்தார். எங்களுக்கு அது கூடுதல் வேலை, கடைகளுக்கும்தான். அந்த வாரம் தவறான விகிதம் பற்றி வந்த புகார் மூன்று. மூன்றும் பட்டியலைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்த கடைகள். கோபமாகப் பேசிய ஒரு வாடிக்கையாளரிடம், பட்டியலை அவரையே வாசிக்க வைத்துச் சிக்கலை அவரே கண்டுபிடிக்கும்படி மேடம் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அடுத்த அழைப்பை என்னை எடுக்கச் சொல்லி உடன் இருந்தார். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட அழைப்புகளை நான் மேலே அனுப்புவதில்லை. 21ஆம் தேதி அமாவாசைக்கு யார் யார் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று புதன்கிழமையே கேட்டு, அவர்களுக்கு மதிய ஷிப்ட் போட்டார். அன்று யாரும் விடுப்புக் கேட்டு அலையவில்லை."

"சிறந்த" என்ற சொல் ஒன்று கூட இதில் இல்லை. அதற்காக அடைமொழியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரத்தைக் கொடுத்துவிட்டு முடிவில் "நிதானமானவர்" என்று ஒரு சொல் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வைக்காமல் விட்டாலும் படிப்பவர் அந்தச் சொல்லுக்குத் தானாகவே வந்துவிடுவார்.

எழுதாமல் விட்டவையும் சில உண்டு. விற்பனைப் பிரிவுத் தலைவரோடு மேடம் அறைக்குள் சண்டை போட்டார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. தம்பி அதைச் சேர்க்க ஆசைப்பட்டான். "நீ உள்ள இருந்தியால?" என்றேன். இல்லை. அப்படியானால் நமக்கு நகல் வந்த மின்னஞ்சல் மட்டும் போதும். பட்டியலில் ஒரு வரி தப்பாகப் போட்ட சக ஊழியரை மேடம் எல்லார் முன்னாலும் குத்திக்காட்டாமல் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தியது நல்ல உதாரணம்தான். ஆனால் எங்கள் டீமின் அளவுக்கு அதை எழுதினால் அந்த ஊழியர் யார் என்று சென்னைக்குத் தெரிந்துவிடும். மேடத்தைப் பாராட்டப் போய் இன்னொருவரின் தப்பைப் பதிவில் ஏற்றுவது சரியில்லை.

ஞாயிறு காலையிலிருந்து ராத்திரி வரை மேடம் இருக்கையை விட்டு எழவில்லை என்பதும் உண்மை. அதையும் எடுக்கச் சொன்னேன், அவனுக்கு மனசே இல்லை. "அதுதானேக்கா பெரிய விஷயம்?" அவருடைய நல்ல மனசுக்கு அது சான்றாக இருக்கலாம். ஆனால் ஃபார்மில் ஏறினால் மேலே இருப்பவர்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த தடவை அதுவே எதிர்பார்ப்பாகும், எங்களுக்கும் சேர்த்து. ஷிப்டை முன்கூட்டியே பிரித்தது திரும்பச் செய்யத் தக்க வேலை. அது பதிவாகட்டும்.

பெண் மேனேஜர் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். தம்பி முதலில் "தாய் மாதிரி" என்றும் ஒன்று அடித்திருந்தானாம். எனக்குக் காட்டும் முன்பே அவனே எடுத்துவிட்டான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெல்லி காரெல், கரோலின் சிமார்டு இருவரும் பணி மதிப்பீடுகளை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள்: பெண்களுக்கு வரும் பாராட்டு பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக இருக்கிறது, எந்த வேலையால் என்ன விளைந்தது என்று சொல்வது ஆண்களுக்கு வருவதைவிடக் குறைவு. அவர்கள் பார்த்தது மேலிருந்து கீழே எழுதப்பட்ட மதிப்பீடுகளை. கீழிருந்து எழுதும்போதும் நாம் அதையேதான் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண் மேனேஜர் என்றால் "கடினமான முடிவுகளை எடுப்பவர்", பெண் என்றால் "அன்பானவர்". 3401 விஷயத்தில் மேடம் எடுத்தது கடினமான முடிவு. அன்பு என்று எழுதியிருந்தால் அது காணாமல் போயிருக்கும்.

பேர் தெரியாது என்ற உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை விவரம் எழுதினால் எழுதியவர் யார் என்று மேடத்துக்குத் தெரியாமல் இராது. பக்கத்தில் உட்கார்ந்து அழைப்பு எடுத்தவன் ஒருவன்தான். பாராட்டுப் பகுதியில் இது பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதே ஃபார்மில் கீழே "மேம்பட வேண்டியவை" என்ற கட்டம் இருக்கிறது. மேலே ஆளைக் காட்டிக்கொண்டால் கீழே எழுதுவதும் அதே ஆளுடையது என்று தெரிந்துவிடலாம். எச்ஆர் எல்லாருடைய பதிலையும் கட்டம் வாரியாகக் கலந்து காட்டுகிறதா, ஆள் வாரியாகவா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுடையது கட்டம் வாரியாக. நேரிலேயே சொல்லக்கூடியதைத் தவிர வேறெதையும் கீழ்க் கட்டத்தில் எழுத வேண்டாம் என்றுதான் அப்போதும் அவனிடம் சொன்னேன்.

அவனுக்கு நேரிலேயே சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. வாடிக்கையாளருக்குப் போகும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் மேடமே திருத்தி அனுப்புவார். 20ஆம் தேதி மீதிக் கடைகளுக்குப் பட்டியலோடு போக வேண்டிய விளக்கச் செய்தி அவர் பார்வைக்காக மத்தியானம் முழுக்கக் காத்துக் கிடந்தது. அவர் அப்போது அழைப்பில் இருந்தார். சாயங்காலம் போன பிறகுதான் அந்தக் கடைகள் பட்டியலைத் திறக்கத் தொடங்கின. இதை மேலே பாராட்டின் வாலில் "ஆனால்" போட்டு ஒட்டினால் படிப்பவர் பாராட்டை மறந்து "ஆனால்" மட்டும் நினைவில் வைப்பார். கீழ்க் கட்டத்திலேயே, அதே முறையில், தேதியோடு எழுதினான். கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: ஒரு தடவை மேடம் ஒப்புக்கொண்ட செய்தி வடிவத்தை அடுத்த தடவை சீனியர்கள் இருவரில் யாராவது ஒருவர் பார்த்து அனுப்பலாம்.

அந்த இருவரில் ஒருத்தி நான். எனக்கு வேலை ஒன்று கூடிவிட்டது என்று அப்போதே அவனிடம் சொன்னேன். "அதுக்கென்னக்கா, நீங்க பார்ப்பீய" என்று அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டான்.